தீப நாளும் வேலை நாளே

கணக்கிலிருந்து நமக்குத் தெரியாமல் பணம் போய்விட்டால் திரும்பக் கிடைக்குமா? வங்கி இணையதளங்களின் கேள்வி-பதில் பகுதியில் இதைவிட அவசரமான கேள்வி இல்லை. அதற்கான பதில் பெரும்பாலும் இந்தச் சாயலில் இருக்கும்: “குறைபாடு வங்கியையோ வாடிக்கையாளரையோ சாராது அமைப்பின் பிறிதோரிடத்தில் நிலவும் மூன்றாம் தரப்பு மீறல் நேர்வுகளில், தகவல் பெறப்பட்டதிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் அறிவிக்கும் வாடிக்கையாளர் பொறுப்பேதும் உடையவராகார்.” இதைப் படித்தவருக்கு இன்றே வங்கிக்கு ஓட வேண்டுமா, நாளை போனால் போதுமா என்பது தெரியாது. எளிமையாக எழுதலாமே என்று கேட்டால், துல்லியம் போய்விடும் என்கிறார்கள். ஆனால், ஒரு விதியின் துல்லியம் அதன் நிபந்தனைகளில்தான் இருக்கிறது. யாருக்கு, எப்போதிலிருந்து, எவ்வளவு, எது நீங்கலாக என்ற நிபந்தனைகளில் ஒன்றுகூட விடுபடவில்லை என்றால், நாம் பேசும் தமிழுக்குப் பக்கத்தில் எழுதிய பதிலும் சட்ட நடைப் பதிலுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

மேலே உள்ள பதிலுக்கு அடிப்படை, ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை. அது நஷ்டம் யாருடையது என்பதை, தவறு எங்கே நடந்தது என்பதை வைத்துப் பிரிக்கிறது. வங்கியின் தவறு என்றால், வாடிக்கையாளர் எப்போது சொன்னாலும் நஷ்டம் வங்கிக்கு. ஓடிபி, பின் போன்றவற்றை வாடிக்கையாளரே பிறரிடம் கொடுத்திருந்தால், வங்கியிடம் சொல்லும்வரை போனது அவருக்கு, சொன்ன பிறகு போவது வங்கிக்கு. தவறு இருவரிடமும் இல்லாதபோதுதான் நாள் கணக்கு வருகிறது. இந்த அமைப்பை அறியாமல் சுருக்கினால் “3 நாளில் சொன்னால் பணம் திரும்பும்” என்று ஒரு வரி கிடைக்கும். எளிமையான வரிதான், ஆனால் தவறு. ஓடிபி கொடுத்தவருக்கு அது பொய் நம்பிக்கை தருகிறது. வங்கியின் தவறால் பணம் இழந்து பத்தாம் நாள் கவனித்தவரை, இனிப் பயனில்லை என்று வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறது. எளிய நடைக்கு அஞ்சுகிறவர்களின் அச்சத்தில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

எந்த நிபந்தனையையும் விட்டுவிட முடியாது என்பதற்குத் திருவண்ணாமலை நல்ல சாட்சி. 2024-இல் மகாதீபம் டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் இரண்டாவது சனி, அதற்கடுத்து ஞாயிறு. இரண்டும் வங்கி விடுமுறை. மாடவீதியில் கடை வைத்திருக்கும் ஒருவரின் சேமிப்புக் கணக்கிலிருந்து 40,000 ரூபாய் போனதாக 12-ஆம் தேதி வியாழன் இரவு வங்கியின் குறுஞ்செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தவறு வங்கியிடமும் இல்லை, அவரிடமும் இல்லை. தகவல் வந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தீபத்துக்கு மாவட்ட நிர்வாகம் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். அதனால் அவர் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றையும் கழித்துவிட்டு, மூன்றாம் வேலை நாள் 18-ஆம் தேதி புதன் என்று நினைப்பார். ஆனால் அந்த உள்ளூர் விடுமுறை 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது என்று அத்தகைய அறிவிப்புகளிலேயே எழுதியிருக்கும். பள்ளிக்கூடம் மூடியிருந்தாலும் வங்கிக்கு அது வேலை நாள். ஆகவே வெள்ளி முதல் நாள், திங்கள் இரண்டாம் நாள், 17-ஆம் தேதி செவ்வாய் மூன்றாம் நாள். செவ்வாயன்று சொன்னால் அவருக்கு நஷ்டமே இல்லை. புதனன்று சொன்னால் 10,000 ரூபாய் வரை அவர் தலையில் விழும். கிரிவலத்துக்கு வந்த பெங்களூருக்காரருக்கோ கணக்கே வேறு: அவருடைய கணக்கு இருக்கும் கிளையின் வேலை நாட்களைத்தான் எண்ண வேண்டும். ‘வேலை நாள்’ என்று மட்டும் எழுதிவிட்டு நகரும் சட்ட நடைப் பதில் துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் எந்த நாளை எண்ணுவது என்று அது சொல்லவில்லை.

அதே பதிலை இப்படி எழுதலாம்: “உங்களுக்குத் தெரியாமல் பணம் போயிருந்தால் உடனே எங்களிடம் சொல்லுங்கள். தவறு எங்களுடையது என்றால், நீங்கள் எப்போது சொன்னாலும் நஷ்டம் எங்களுக்கு. தவறு இருவரிடமும் இல்லை என்றால், எங்கள் தகவல் உங்களுக்கு வந்த நாளை விட்டுவிட்டு, அடுத்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. 4 முதல் 7 வேலை நாளுக்குள் சொன்னால், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வரையும், அடிப்படை சேமிப்புக் கணக்கில் 5,000 ரூபாய் வரையும் உங்களுடையது. அதற்கும் பிறகு சொன்னால் எங்கள் வங்கியின் கொள்கைப்படி முடிவாகும். ஓடிபி, பின், கடவுச்சொல்லை நீங்களே கொடுத்திருந்தால், எங்களிடம் சொல்லும்வரை போன பணம் உங்கள் நஷ்டம், சொன்ன பிறகு போவது எங்கள் நஷ்டம். வேலை நாள் என்றால் உங்கள் கணக்கு இருக்கும் கிளை இயங்கும் நாள். உள்ளூர் விடுமுறை அன்றும் கிளை இயங்கினால் அது வேலை நாளே.” சேமிப்புக் கணக்குக்கான நிபந்தனைகள் அப்படியே இருக்கின்றன. வாசகர் தன் நிலைமையை வைத்துப் பார்க்கும் வரிசையில் வருகின்றன, அவ்வளவுதான்.

இது விதிக்குச் சமம்தானா என்பதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. சில கற்பனைக் கணக்குகளை எழுதி, மூல விதியைத் தெரிந்த அதிகாரியிடமும், புதிய பதிலை மட்டும் படித்த சாதாரண ஆளிடமும் தனித்தனியே கொடுக்க வேண்டும். இரண்டு விடைகளும் ஒத்துப்போனால் பதில் சரி. ஒத்துப்போகாத இடத்தில் ஒரு நிபந்தனை விடுபட்டிருக்கும், அல்லது இரு பொருள்படும் சொல் இருக்கும். ஓர் எடுத்துக்காட்டு: 8,000 ரூபாய் போய், ஐந்தாம் வேலை நாளில் சொல்கிறார்கள். விதிப்படி, அடிப்படை சேமிப்புக் கணக்குக்காரருக்கு 3,000 ரூபாய் திரும்பும். சாதாரண சேமிப்புக் கணக்குக்காரருக்கு ஒன்றும் திரும்பாது, ஏனெனில் போன தொகையே 10,000-க்குள் இருக்கிறது. ‘10,000 ரூபாய் வரை உங்களுடையது’ என்ற வரியை ஏதோ சலுகை என்று புரிந்துகொள்கிறவர் இங்கே தவறான விடை சொல்வார். அப்போது “போன தொகை இதைவிடக் குறைவென்றால் முழுவதும் உங்கள் நஷ்டம்” என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

நீதிமன்றத்தில் நிற்பது சட்ட நடைதான், எளிய பதில் வங்கியைச் சிக்கலில் மாட்டிவிடும் என்று வழக்கறிஞர்கள் சொல்லலாம். ஆனால் 1975-இல் நியூயார்க்கின் சிட்டி வங்கி, கடன் பத்திரத்தையே எளிய மொழியில் மாற்றி எழுதியது. அது நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய ஒப்பந்த ஆவணம். இரண்டே ஆண்டில், நுகர்வோர் ஒப்பந்தங்கள் எளிய மொழியில் இருக்க வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டது. ஒப்பந்தத்துக்கே இது முடியும் என்றால் விளக்கப் பதிலுக்கு ஏன் முடியாது? நீளம் கூடுகிறதே என்பது அடுத்த மறுப்பு. கூடத்தான் செய்கிறது. ஆனால் ஒரே வாக்கியத்தை மூன்று முறை படிப்பதைவிட எட்டு வாக்கியங்களை ஒரு முறை படிப்பது விரைவு. மேலும், கைப்பேசியில் படிக்காதவருக்குக் கிளை ஊழியர் வாசித்துக் காட்டவும் அதுதான் உதவும்.

எளிய நடையால் ஆகாததும் உண்டு. மோசடிக்காரர் அனுப்பிய க்யூஆர் குறியை நம்பி ஸ்கேன் செய்து, தானே பின் போட்டுப் பணம் அனுப்பிவிட்டவர், ‘தெரியாமல் போன’ கணக்கில் வருவாரா? அந்தச் சுற்றறிக்கையில் இதற்கு நேர்ப் பதில் இல்லை. சட்ட நடையில் இந்த இடைவெளி கண்ணில் படாது. எளிய நடையில் எழுத உட்கார்ந்தால் உடனே தெரியும். அங்கே எழுதுகிறவர் தானாக ஒரு முடிவை இட்டுக்கட்டக் கூடாது. “இது வழக்குக்கு வழக்கு ஆராய்ந்து முடிவு செய்யப்படும், எதற்கும் உடனே 1930 எண்ணில் புகார் சொல்லுங்கள்” என்று உள்ளதை எழுத வேண்டும். விதி மாறக்கூடியது என்பதால், எந்தத் தேதி விதிப்படி எழுதியது என்பதும் பதிலின் அடியில் இருக்க வேண்டும். வங்கியின் சட்டப் பிரிவு இனி வாக்கியத்தின் கம்பீரத்தைப் பார்க்க வேண்டாம். கற்பனைக் கணக்குகளின் விடைகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். வாடிக்கையாளர் செவ்வாய்க்கிழமைக்குள் வர வேண்டும் என்பது அவருக்குப் புரியாத பதிலை, அது எவ்வளவு சட்டபூர்வமாக ஒலித்தாலும், சரியான பதில் என்று ஏற்க முடியாது.