அம்மீட்டரை அழித்தால் தெரியும் மின்சுற்று

தாளில் ஒரு கோடு. அதில் அ, ஆ, இ, ஈ என்று நான்கு புள்ளிகள். அ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவே 6 ஓம் மின்தடை, அடுத்து 12 ஓம், கடைசியில் 4 ஓம். இரண்டு முனைகளிலும் 12 வோல்ட் பேட்டரி. நேர்முனை அ பக்கம். இதோடு நின்றால் 6, 12, 4 மூன்றையும் கூட்டி 22 ஓம் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் வினாத்தாள் போடுபவர் அப்படி விடமாட்டார். கோட்டுக்கு மேலே அ-வையும் இ-யையும் இணைத்து ஓர் அம்மீட்டர் வரைவார். கீழே ஆ-வையும் ஈ-யையும் இணைத்து இன்னோர் அம்மீட்டர், அதோடு தொடராக ஒரு சாவி. அதே ஆ, ஈ புள்ளிகளுக்கு நடுவே ஒரு வோல்ட்மீட்டரும் தொங்கும். கருவிகள் எல்லாம் இலட்சியக் கருவிகள். தொகுபயன் மின்தடை எவ்வளவு?

படத்தில் இத்தனை இருந்தாலும் நிஜமாக வேலை செய்வது கொஞ்சம்தான். இலட்சிய அம்மீட்டருக்கு மின்தடை கிடையாது, எனவே அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் வெறும் கம்பியைப் போடலாம். இலட்சிய வோல்ட்மீட்டரின் மின்தடை முடிவிலி. அதன் வழியாக மின்னோட்டமே போகாது என்பதால் அதைக் கிளையோடு எடுத்துவிடலாம். சாவி மூடியிருந்தால் கம்பி, திறந்திருந்தால் வெட்டிய இடம். இரண்டு மீட்டர்களும் படத்தில் ஒரே மாதிரி வட்டமாக இருப்பதால் பலர் இரண்டையும் ஒரே கையோடு அழித்துவிடுகிறார்கள். விடை கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் சாவி திறந்திருக்கட்டும். அம்மீட்டர் இருந்த இடத்தில் கம்பி வந்ததும் அ-வும் இ-யும் ஒரே புள்ளி ஆகிவிடுகின்றன. திருச்சி என்றாலும் திருச்சிராப்பள்ளி என்றாலும் ஒரே ஊர்தானே, அதுபோல. இப்போது ஆ-வைப் பாருங்கள். 6 ஓம் வழியாகப் போனாலும் 12 ஓம் வழியாகப் போனாலும் அதே அ-வுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். ஈ-க்குப் போகும் வழியைச் சாவி வெட்டிவிட்டது. போய்ச் சேர இடமில்லாததால் அந்த இரண்டு மின்தடைகளிலும் மின்னோட்டம் இல்லை. மிஞ்சுவது 4 ஓம் மட்டும். பேட்டரி தருவது 3 ஆம்பியர். மின்னோட்டம் இல்லாத மின்தடையில் மின்னழுத்தமும் இறங்காது என்பதால் ஆ-வும் அ-வின் மின்னழுத்தத்திலேயே இருக்கிறது. ஆகவே ஆ-வுக்கும் ஈ-க்கும் நடுவிலுள்ள வோல்ட்மீட்டர் முழு 12 வோல்ட்டையும் காட்டும்.

சாவியை மூடினால் ஆ-வும் ஈ-யும் ஒன்றாகிவிடும். இப்போது மொத்தமே இரண்டு புள்ளிகள்தாம். புதிய தாளில் அவற்றைத் தள்ளித்தள்ளிக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு மின்தடையும் எதிலிருந்து எதற்குப் போகிறது என்று கேட்டு வரைய வேண்டும். பழைய படத்தின் வடிவத்தை மறந்துவிடுவது நல்லது. 6 ஓம், அ-விலிருந்து ஆ-வுக்கு, அதாவது ஈ-க்கு. 12 ஓம், ஆ-விலிருந்து இ-க்கு, அதாவது ஈ-யிலிருந்து அ-வுக்கு. 4 ஓமும் அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே. வரிசையாக நின்ற மூன்றும் பக்க இணைப்பாகிவிட்டன:

1/6 + 1/12 + 1/4 = 1/2

தொகுபயன் மின்தடை 2 ஓம், மொத்த மின்னோட்டம் 6 ஆம்பியர். அது 2, 1, 3 ஆம்பியர் எனப் பிரிகிறது. வோல்ட்மீட்டரின் இரு முனைகளும் ஒரே புள்ளியில் மாட்டியிருப்பதால் அது பூச்சியம் காட்டும்.

அம்மீட்டர்கள் என்ன காட்டும் என்று கேட்டால் புதிய படம் கைகொடுக்காது. அதில் அவை புள்ளிக்குள் கரைந்துவிட்டன. கிடைத்த மின்னோட்டங்களை எடுத்துக்கொண்டு பழைய படத்துக்குத் திரும்ப வேண்டும். இ புள்ளிக்கு மேல் அம்மீட்டர் வழியாக வருவது இரண்டாகப் பிரிகிறது: 4 ஓமில் 3 ஆம்பியர், 12 ஓமில் 1 ஆம்பியர். எனவே அது காட்டுவது 4. ஆ புள்ளிக்கு 6 ஓமிலிருந்து 2 ஆம்பியர், 12 ஓமிலிருந்து 1 ஆம்பியர் வந்து சேர்ந்து கீழ் அம்மீட்டருக்குள் இறங்குகின்றன. அது காட்டுவது 3. நடு மின்தடையில் மின்னோட்டம் இ-யிலிருந்து ஆ-வுக்கு, வலமிருந்து இடமாக ஓடுவதைக் கவனியுங்கள். கோட்டைப் பார்த்து எல்லாம் இடமிருந்து வலம்தான் என்று எழுதியவருக்கு இரண்டு அளவுகளும் தப்பும். சரிபார்ப்பதும் எளிது: ஈ-யில் 4 ஓமிலிருந்து 3, கீழ் அம்மீட்டரிலிருந்து 3, கூட்டினால் பேட்டரியின் 6.

ஆய்வக மேசையில் இதே சுற்றைக் கட்டினால் கணக்கு கொஞ்சம் நழுவும். மேல் அம்மீட்டரின் மின்தடை 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சாவியைத் திறந்ததும், சும்மா கிடந்த 6 ஓமிலும் 12 ஓமிலும் சுமார் 0.13 ஆம்பியர் ஓடும். பேட்டரி 3 ஆம்பியருக்குப் பதில் 2.4 தரும், வோல்ட்மீட்டர் 11.2 பக்கம் நிற்கும். வோல்ட்மீட்டரால் அவ்வளவு தொல்லை இல்லை. 10 மெகாஓம் உள்ள சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இந்தச் சுற்றிலிருந்து எடுப்பது ஒரு மைக்ரோஆம்பியருக்குச் சற்று மேல்தான். மெகாஓம் கணக்கில் மின்தடைகள் உள்ள சுற்றாக இருந்தால் மட்டும் அதை எடுத்துவிட்டு வரைய முடியாது.