கஞ்சா இனிப்பும் நித்திரைக் குளிசையும்: ஒரே இரவில் இரண்டு உச்சம்

போன பெப்ரவரியில் ஒரு நாள் விடியவே மச்சான் போன் எடுத்தான். மாமி இரவு பாத்ரூமுக்குப் போகும்போது விழுந்துவிட்டா. எலும்பு முறிவு இல்லை. முழங்கையில் ஒரு பெரிய கண்டல், அவ்வளவுதான். ஆனால் விழுந்த பிறகு தான் எங்கே இருக்கிறேன் என்றே கொஞ்ச நேரம் தெரியாமல் இருந்திருக்கிறா. விடிந்து எழுந்த பிறகும் தலை பஞ்சு மாதிரி இருந்ததாம். பக்கவாதமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை.

மாமிக்கு 71 வயது. ஸ்காபரோவில் மகனோடு இருக்கிறா. மாமா போன பிறகு நித்திரை குறைந்து, மூன்று வருடமாக ஸோபிக்ளோன் 5 மில்லிகிராம் குளிசை எடுக்கிறா. அதெல்லாம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அதை இரண்டு நாள் கழித்து, மச்சான் வெளியே போன நேரம் பார்த்து என்னிடம் சொன்னா.

"தம்பி, அந்த இனிப்பு ஒண்டு சாப்பிட்டனான். அது மருந்தில்லைத்தானே, இலைதானே. டொக்டர் அதைக் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை."

'இனிப்பு' என்றது கஞ்சா சேர்த்த ஜெலி மிட்டாயை. கனடாவில் 2018 ஒக்டோபரில் கஞ்சா சட்டபூர்வமானது. ஒரு வருடம் கழித்து உண்ணும் வகைகளுக்கும் அனுமதி வந்தது. இங்கே கடையில் வயது வந்த யாரும் வாங்கலாம். கூடவே மாமி முழங்கால் நோவுக்கென்று சிநேகிதி கொடுத்த சி.பி.டி. எண்ணெயையும் நாக்கின் கீழ் விட்டுக்கொண்டிருந்தது பிறகுதான் தெரியவந்தது.

நான் மருத்துவன் இல்லை. ஆனால் அந்த இரவு என்ன நடந்தது என்று மணிக்கணக்கில் எழுதிப் பார்த்தபோது, இது தற்செயலாக நடந்த விழுகை இல்லை என்று விளங்கியது.

அந்த இரவின் கணக்கு

மாமி எட்டரைக்கு புட்டும் கோழிக்கறியும் சாப்பிட்டிருக்கிறா. ஒன்பதரைக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி. உள்ள ஒரு இனிப்பு. டி.எச்.சி.தான் கஞ்சாவில் போதையும் மயக்கமும் தரும் பொருள். பதினொரு மணி வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. 'இது வேலை செய்யேல்லை' என்று நினைத்து வழக்கமான குளிசையைப் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறா. விழுந்தது ஒன்றேகால் மணிக்கு.

கஞ்சாவைப் புகைத்தால் நிமிடங்களில் தெரியும். நுரையீரலில் இருந்து இரத்தம், அங்கிருந்து மூளை. சாப்பிட்டால் பாதை வேறு. வயிறு, குடல், பிறகு ஈரல். ஈரல் டி.எச்.சி.யின் ஒரு பகுதியை 11-ஹைட்ரொக்சி டி.எச்.சி. என்ற இன்னொரு பொருளாக மாற்றுகிறது. இதுவும் மூளைக்குள் இலகுவாகப் போகும், வீரியமும் குறைவில்லை. சாப்பிட்ட கஞ்சா புகைத்த கஞ்சாவை விடப் பலமாக, நீண்ட நேரம் பிடிப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

கனடாவின் சுகாதார அமைச்சு சொல்லும் கணக்குப்படி, உண்ட கஞ்சாவின் விளைவு தொடங்கவே அரை மணியில் இருந்து இரண்டு மணி நேரம் ஆகும். முழு வேகம் வர நாலு மணி நேரம் வரை போகலாம். பன்னிரண்டு மணி நேரம் வரை நீடிக்கலாம். வயிறு நிறைய இருந்தால் தொடக்கம் இன்னும் பிந்தும்.

ஆகவே பதினொரு மணிக்கு மாமிக்கு ஒன்றும் தெரியாதது இனிப்பு வேலை செய்யாததால் இல்லை. அது இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஸோபிக்ளோன் அப்படிப் பிந்துவதில்லை. விழுங்கி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சத்துக்கு வந்துவிடும். பதினொன்றுக்குப் போட்ட குளிசைக்கு உச்சம் பன்னிரண்டரை. ஒன்பதரைக்குச் சாப்பிட்ட இனிப்புக்கு உச்சம் பன்னிரண்டுக்கும் ஒன்றரைக்கும் இடையில். மாமி எழும்பி நடந்த ஒன்றேகால் மணி என்பது, இரண்டும் சேர்ந்து மேலே நிற்கும் நேரம்.

இந்தப் பிழையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மாமி இரண்டையும் சேர்த்து எடுக்க நினைக்கவில்லை. 'இது இல்லாவிட்டால் அது' என்றுதான் நினைத்தா. பிந்தி வரும் ஒன்றை முதலில் எடுத்து, வரவில்லை என்று கெதியாக வரும் ஒன்றை மேலே போட்டால், இரண்டும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நிற்கும்.

கூடுவது எப்படி

ஸோபிக்ளோன் மூளையில் காபா என்ற அடக்கும் இரசாயனத்தின் வேலையைக் கூட்டுகிறது. டி.எச்.சி. வேறொரு வாங்கியில், கனபினொயிட் வாங்கியில், ஒட்டுகிறது. கதவு இரண்டு, ஆனால் உள்ளே நடப்பது ஒன்றுதான்: விழிப்பு குறைகிறது, கால் சமநிலை தளர்கிறது, நினைவு மங்குகிறது. அதனால் ஒன்றின் அளவு கூடாமலேயே மொத்த மயக்கம் கூடுகிறது. மேலே மதுவோ, ஓபியொயிட் வகை நோக்குளிசையோ, தடிமனுக்கு எடுக்கும் தூக்கம் வரும் மருந்தோ சேர்ந்தால் அதுவும் இதே கணக்கில்தான் ஏறும்.

டி.எச்.சி. இன்னொன்றும் செய்யும். படுக்கையில் இருந்து சடாரென எழும்பும்போது இரத்த அழுத்தத்தை விழுத்தும். பிரஷர் குளிசையும் எடுக்கிற மாமி மாதிரி ஆட்களுக்கு, தள்ளாட்டத்தோடு இதுவும் சேர்கிறது.

விடிந்தபிறகும் தலை பஞ்சாக இருந்ததற்குக் காரணம் வயது. ஸோபிக்ளோனின் அரைவாழ்வுக் காலம், அதாவது இரத்தத்தில் உள்ளது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், பொதுவாக ஐந்து மணி நேரம். முதியவர்களுக்கு அது ஏழு மணி நேரமளவு. மாமி விடிய ஏழு மணிக்கு எழும்பியபோது குளிசையின் பாதியளவு இன்னும் உடம்பில் இருந்திருக்கும். இனிப்பின் மிச்சமும் கூட. கனடாவில் 2014இல் இந்தக் குளிசையின் தொடக்க அளவை 3.75 மில்லிகிராமாகக் குறைத்ததும், முதியவர்களுக்கு 5க்கு மேல் வேண்டாம் என்றதும் இந்த மறுநாள் மயக்கத்தால்தான். அந்த 5 என்ற எல்லை குளிசையை மட்டும் வைத்துப் போட்ட எல்லை. இனிப்பு அந்தக் கணக்கில் இல்லை.

எண்ணெய் வேறு கதை

சி.பி.டி. போதை தராது. மாமி மாதிரி ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் அளவில் எடுத்தால் பலருக்கு மயக்கமும் பெரிதாகத் தெரியாது. அதனுடைய ஆபத்து மூளையை விட ஈரலில்தான் கூட. ஈரலில் மருந்துகளை உடைத்து வெளியேற்றும் நொதியங்கள் இருக்கின்றன. சி.பி.டி. அவற்றில் சிலவற்றை மந்தமாக்கும். கழிவு வாய்க்கால் அடைத்தால் வீட்டுக்குள் தண்ணீர் நிற்பது போல, உடைய வேண்டிய மருந்து உடையாமல் உடம்பில் சேரும்.

இதற்கு நல்ல ஆதாரம் வலிப்பு நோய்ச் சிகிச்சையில் இருந்து வருகிறது. எபிடியொலெக்ஸ் என்ற சுத்தமான சி.பி.டி. மருந்துக்கு 2018இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதை எடுக்கும் பிள்ளைகள் பலர் குளொபசாம் என்ற மருந்தும் எடுப்பார்கள். அது நித்திரைக் குளிசைகள் பலவற்றோடு ஒரே குடும்பம். சேர்த்து எடுத்தபோது, குளொபசாம் உடைந்து உண்டாகும், மயக்கம் தரும் பொருள் இரத்தத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கானது. மருந்தின் அனுமதிக் குறிப்பின்படி, குளொபசாமோடு எடுத்தவர்களில் 46 வீதத்தினருக்குத் தூக்கக் கலக்கம். குளொபசாம் இல்லாமல் எடுத்தவர்களில் 16 வீதம்.

பயப்பட முதல் அளவைப் பார்க்கவேண்டும். அந்தப் பிள்ளைகள் எடுத்தது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 20 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளில் 200 முதல் 400. மாமியின் 20 மில்லிகிராம் அதற்குக் கிட்டவும் வராது. அந்த இரவுக்கு எண்ணெயை முதல் குற்றவாளியாக்க மாட்டேன்.

ஆனால் இரண்டு விஷயம் அந்த 20ஐ 20ஆக இருக்க விடாது. ஒன்று சாப்பாடு. கொழுப்புள்ள உணவோடு வாயால் எடுத்தால் சி.பி.டி. நாலைந்து மடங்கு கூட இரத்தத்தில் ஏறும். மற்றது லேபிள். 2017இல் அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருட்களைச் சோதித்தபோது, 31 வீதத்தில்தான் லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது. 18 போத்தல்களில் டி.எச்.சி.யும் இருந்தது. சிநேகிதி கொடுத்த, பெயர் அழிந்த போத்தலுக்குள் என்ன இருந்தது என்று யார் சொல்வது?

எப்படிக் கண்டுபிடிப்பது

வயதானவர்களில் இது 'வயசாகிப் போச்சு' என்ற முகமூடி போட்டு வரும். வழக்கத்துக்கு மாறாக விடிய எழும்ப முடியாமை, எழும்பும்போது தள்ளாட்டம், குழறும் பேச்சு, இரவில் நடந்தது நினைவில்லாமை. இவற்றைக் கண்டால் நேரக்கணக்கு எழுதிப் பாருங்கள்: என்ன, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு. புதுப்பொருள் வந்த கிழமையோடு மாற்றமும் தொடங்கியிருந்தால் சந்தேகப்பட இடமுண்டு. ஆனால் முகம் ஒரு பக்கம் இழுத்தால், ஒரு கை சோர்ந்தால், தட்டி எழுப்பியும் எழும்பாவிட்டால், மூச்சு மெதுவானால் கணக்கெல்லாம் பிறகு. உடனே 911.

பார்மசியின் கணினி மருந்துக்கு மருந்து மோதுமா என்று பார்த்துச் சொல்லும். ஆனால் அதற்குத் தெரிந்தவற்றைத்தான் பார்க்கும். கஞ்சாக் கடையில் வாங்கிய இனிப்பு அந்தப் பட்டியலில் ஏறாது. நாங்கள் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

மாமிக்கு வாய் திறப்பதுதான் கஷ்டம். "கஞ்சா எண்டு நான் எப்பிடியடா சொல்லுறது?" என்று கேட்டா. நான் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன்: ஸோபிக்ளோன் 5, இரவு 11. டி.எச்.சி. இனிப்பு 10, இரவு 9.30, கிழமைக்கு இரண்டு தரம். சி.பி.டி. எண்ணெய், அளவு நிச்சயமில்லை. அதையும் போத்தலையும் பார்மசியில் நீட்டினா. அந்தப் பிள்ளை முகம் சுளிக்கவில்லை. நிதானமாக வாசித்து, இரண்டு விஷயம் சொன்னது. இனிப்பையும் எண்ணெயையும் இப்போதே நிறுத்துங்கள். ஆனால் குளிசையை நீங்களாக நிறுத்தவேண்டாம், மூன்று வருடம் எடுத்ததைச் சடுதியாக விட்டால் நித்திரையின்மை முன்னை விட மோசமாகத் திரும்பும், டொக்டரோடு கதைத்துப் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

இப்போது மாமி 3.75இல் நிற்கிறா. சில இரவுகளில் மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறதாம். எழும்பி, கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் இருந்து, லைட்டைப் போட்டுவிட்டுத்தான் நடக்கிறா. அந்தத் துண்டு இன்னும் ஹெல்த் கார்டோடு பேர்சுக்குள் இருக்கிறது.