ரொக்கம் போகாத செலவு

2025 ஏப்ரலில் பேடிஎம் நிறுவனர் விஜய் சேகர் சர்மா, தனக்கு ஒதுக்கப்பட்டிருந்த 2.1 கோடி பங்கு விருப்பங்களை வேண்டாமென்று விட்டுக்கொடுத்தார். அவற்றைப் பெற அவருக்குத் தகுதி உண்டா என்று செபி கேள்வி எழுப்பியிருந்த நேரம் அது. நிறுவனத்துக்கு அவர் விட்டுக்கொடுத்தது லாபம்தானே என்று பலரும் நினைத்தார்கள். அடுத்த மாதம் வெளியான காலாண்டுக் கணக்கில், இதே காரணத்துக்காக ரூ.492 கோடி செலவு எழுதப்பட்டிருந்தது. அந்தக் காலாண்டின் நிகர நட்டம் ரூ.540 கோடி அளவுக்குப் போனது.

அந்த 492 கோடியில் ஒரு ரூபாய்கூட நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலிருந்து வெளியே போகவில்லை. விட்டுக்கொடுத்ததற்கு ஏன் செலவு, பணமே போகாதது எப்படிச் செலவு என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே கணக்கியல் விதியில் இருக்கிறது.

‘ஈசாப்’ என்று தொழில் வட்டாரத்தில் சொல்லப்படும் பங்கு விருப்பம் ஓர் உரிமைச் சீட்டு. “இன்றைய விலையான 200 ரூபாய்க்கே, நான்கு ஆண்டு கழித்தும் எங்கள் பங்கை உனக்குத் தருவோம்” என்று நிறுவனம் ஊழியருக்கு எழுதிக் கொடுக்கிறது. அதற்குள் பங்கு 500 ரூபாய்க்கு ஏறினால் அவருக்கு 300 ரூபாய் ஆதாயம். இறங்கினால் சீட்டைக் கிழித்துப் போடலாம், கைநட்டம் இல்லை. இழப்பில்லாமல் ஆதாயத்துக்கு மட்டும் வழி திறந்திருக்கும் இப்படியொரு சீட்டை யாரும் சும்மா தரமாட்டார்கள். வெளியார் ஒருவர் கேட்டால் விலை வைத்துத்தான் விற்பார்கள். அந்த விலையை மதிப்பிட 1973-இல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. பங்கு எவ்வளவு ஆடுகிறது, எத்தனை காலம் பாக்கியிருக்கிறது, வட்டி விகிதம் என்ன என்பவற்றைக் கொண்டு அது சீட்டின் நியாய மதிப்பைச் சொல்லும்.

ஒரு கற்பனை மென்பொருள் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 100 ஊழியர்களுக்குத் தலைக்கு 1,000 விருப்பங்கள். வாங்கும் விலை 200 ரூபாய், சந்தை விலையும் 200. நான்கு ஆண்டு வேலையில் நீடித்தால்தான் உரிமை கைக்கு வரும். ஒவ்வொரு விருப்பத்தின் நியாய மதிப்பு 80 ரூபாய் என்று கணக்காகிறது. மொத்தம் 80 லட்சம்.

இதே விருப்பங்களை நிறுவனம் வெளியாருக்கு விற்று, வந்த 80 லட்சத்தை ஊழியர்களுக்குச் சம்பளமாகக் கொடுத்தால் என்ன ஆகும்? ரொக்கம் வந்தது, அப்படியே போனது, கையிருப்பில் மாற்றமில்லை. ஆனால் லாப நட்டக் கணக்கில் 80 லட்சம் சம்பளச் செலவு ஏறிவிடும், அதை யாரும் மறுக்கமாட்டார்கள். விருப்பத்தை நேராக ஊழியர் கையில் கொடுக்கும்போது நடப்பதும் இதேதான், நடுவில் இருந்த ரொக்கம் மட்டும் இல்லை. வாங்கியது உழைப்பு, அதற்குக் கொடுத்த விலை, பழைய பங்குதாரர்களின் உடைமையில் ஒரு துண்டு. அவர்கள் பங்கு நீர்த்துப்போவதுதான் இங்கே நிஜமான இழப்பு.

ஏட்டில் இது எப்படி ஏறுகிறது? 80 லட்சத்தை ஒரேயடியாக எழுதுவதில்லை. உழைப்பு நான்கு ஆண்டில் வருவதால் செலவும் நான்கு ஆண்டில் பரவும். முதல் ஆண்டு 20 லட்சம் ஊழியர் நலச் செலவில் பற்று. எதிர்ப்பக்கம் ரொக்கத்துக்குப் பதிலாக, பங்குதாரர் நிதியின் கீழ் உள்ள ‘ஊழியர் பங்கு விருப்ப ஒதுக்கு’ என்ற தலைப்பில் வரவு. செலவால் லாபம் 20 லட்சம் குறைகிறது, ஒதுக்கு 20 லட்சம் கூடுகிறது. ஆகவே நிறுவனத்தின் நிகர மதிப்பு இந்தப் பதிவால் மாறுவதே இல்லை. ரொக்க ஓட்ட அறிக்கையில் இந்தத் தொகையை லாபத்தோடு திரும்பக் கூட்டியிருப்பார்கள்.

இரண்டாம் ஆண்டு முடிவில், நூறு பேரில் இருபது பேர் இடையிலேயே போய்விடுவார்கள் என்று நிறுவனம் கணிக்கிறது. மொத்தச் செலவு 64 லட்சமாகச் சுருங்கும். இரண்டு ஆண்டுக்கான பாதி 32 லட்சம்; ஏற்கெனவே 20 எழுதியாயிற்று, எனவே அந்த ஆண்டுச் செலவு 12 லட்சம்தான். உழைப்பு வரவில்லையென்றால் செலவும் இல்லை என்பதால் இந்தத் திருத்தம் அனுமதிக்கப்படுகிறது. ஆனால் பங்கு விலை 500-க்கு ஏறினாலும் சரி, 90-க்குச் சரிந்து விருப்பம் செல்லாக்காசானாலும் சரி, 80 ரூபாய் என்ற மதிப்பு மாறாது. கொடுத்த நாளில் கொடுத்த பொருளின் விலை அது. பின்னால் அது பலித்ததா இல்லையா என்பது ஊழியரின் அதிர்ஷ்டம்.

உரிமை ஆண்டுக்குக் கால்வாசியாகக் கைக்கு வரும் திட்டங்களே அதிகம். அவற்றில் ஒவ்வொரு காலும் தனித் திட்டமாகக் கணக்கிடப்படும். முதல் கால் முழுவதும் முதல் ஆண்டில், இரண்டாவதில் பாதி, மூன்றாவதில் மூன்றில் ஒன்று என்று சேர்த்தால், மொத்தச் செலவில் பாதிக்கு மேல் முதல் ஆண்டிலேயே வந்து விழும். தாராளமாக விருப்பம் கொடுத்த மறு ஆண்டே ஸ்டார்ட்-அப்களின் நட்டம் திடீரென்று வீங்குவதற்கு இது ஒரு காரணம்.

இப்போது பேடிஎம் புதிர் அவிழும். பாதியில் வேலையை விட்டுப் போவது வேறு, வேலையில் இருந்தபடியே விருப்பத்தை ரத்து செய்வது வேறு. ரத்து செய்தால், இன்னும் எழுதாமல் பாக்கியிருக்கும் செலவு முழுவதையும் அன்றே எழுத வேண்டும் என்கிறது இந்தியாவின் 102-ஆம் எண் கணக்கியல் தரநிலை. இந்தக் கண்டிப்பு தேவைதான். இல்லையென்றால் பங்கு விலை சரியும்போதெல்லாம் நிறுவனங்கள் பழைய விருப்பங்களை ரத்து செய்து, வரவேண்டிய செலவைத் துடைத்துவிடும். பின்வரும் ஆண்டுகளில் வரவேண்டியதை பேடிஎம் முன்கூட்டியே எழுதியது. அடுத்த காலாண்டில் நிறுவனம் ரூ.122 கோடி லாபம் காட்டியதற்கு ஈசாப் செலவு குறைந்ததும் ஒரு காரணம்.

இந்த விதி லேசில் வரவில்லை. அமெரிக்காவில் 1972 முதல், சந்தை விலைக்கே கொடுத்த விருப்பத்துக்குச் செலவு பூஜ்யம் என்றுதான் எழுதினார்கள். 1993-இல் தரநிலை வாரியம் இதை மாற்ற முயன்றபோது சிலிக்கான் பள்ளத்தாக்கு கொதித்தெழுந்தது. 1994-இல் செனட் சபை 88-க்கு 9 என்ற வாக்கில் எதிர்ப்புத் தீர்மானமே போட்டது. வாரியம் பின்வாங்கி, பின்குறிப்பில் காட்டினால் போதும் என்றது. என்ரான், வேர்ல்ட்காம் மோசடிகளுக்குப் பிறகு காற்று திசை மாறியது. 2002-இல் கோகோ கோலா தானாகவே செலவாக எழுத முன்வந்தது. 2004-இல் சர்வதேசத் தரநிலையும் அமெரிக்கத் தரநிலையும் இதைக் கட்டாயமாக்கின.

பழைய வாதம் இப்போது வேறு உடையில் வருகிறது. ‘ஈசாப் செலவுக்கு முந்தைய இயக்க லாபம்’ என்றொரு எண்ணை நிறுவனங்கள் முன்னிறுத்துகின்றன. 2022 டிசம்பர் காலாண்டில் பேடிஎம் இப்படி ரூ.31 கோடி லாபம் காட்டியது; அதே காலாண்டில் நிகர நட்டம் ரூ.392 கோடி. ரொக்கம் எத்தனை காலம் தாங்கும் என்று அறிய முதல் எண் உதவும். ஆனால் ஊழியர் ஊதியத்தில் ஒரு பகுதியை விட்டுவிட்டு லாபம் கணக்கிடுவது பங்கு வாங்குபவருக்கு முழுப் படத்தைத் தராது. அவர் ஆண்டறிக்கையின் பின்குறிப்பில் எத்தனை விருப்பங்கள் நிலுவையில் உள்ளன என்று பார்த்து, அதை மொத்தப் பங்குகளோடு ஒப்பிட வேண்டும். நூறு பங்குக்கு எட்டு விருப்பம் நிலுவையில் இருந்து, அத்தனையும் பங்காக மாறினால், இன்று நூற்றில் ஒன்று வைத்திருப்பவர் நாளை நூற்றெட்டில் ஒன்றுக்குத்தான் சொந்தக்காரர்.