குறியில்லாத ஒயரை ஒலியால் கண்டுபிடிப்பது

ஒயர்கள் எம்.சி.பி.க்களில் மாட்டியிருக்கும்வரை எது எந்த அறைக்குப் போகிறது என்று அறிவது எளிது. ஒவ்வொன்றாக அணைத்து, எங்கே மின்சாரம் நிற்கிறது என்று பார்த்தால் போதும். பழைய போர்டைக் கழற்றிப் புதியதை மாட்டும்போதுதான் சிக்கல் வருகிறது. ஒரே நிறத்தில், எந்தக் குறியும் இல்லாமல் தொங்கும் ஒயர்க் கற்றையைப் பிரித்தறிய டோன் ஜெனரேட்டரும் புரோபும் வேண்டும்.

ஜெனரேட்டர் பேட்டரியில் ஓடும் சிறு பெட்டி. காதுக்கு எட்டும் அதிர்வெண்ணில், ஏறி இறங்கும் சிக்னல் ஒன்றை ஒயரில் செலுத்தும். அந்த ஒயரைச் சுற்றி எழும் மெல்லிய மின்புலம் பி.வி.சி. உறையைத் தாண்டி வெளியே வரும். பேனா வடிவிலுள்ள புரோப் அதைப் பிடித்துப் பெருக்கி, ஒலியாகக் கேட்கச் செய்யும். உறையைச் சீவ வேண்டியதில்லை.

பெரும்பாலான ஜெனரேட்டர்கள் மின்சாரம் ஓடும் ஒயரில் மாட்டுவதற்கு உரியவை அல்ல. மெயினை அணைத்தால் மட்டும் போதாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் ஒயர்களில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதையும் அணைத்து, ஒவ்வொரு ஒயரையும் சோதித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

படுக்கையறை ஏ.சி.க்கு வரும் பேஸ் ஒயரைத் தேடுவதாகக் கொள்வோம். ஏ.சி. பாயின்டில் அதைக் கழற்றி, ஜெனரேட்டரின் சிவப்பு கிளிப்பை அதில் மாட்ட வேண்டும். கருப்பு கிளிப் எர்த்துக்கு. கருப்பை நியூட்ரலில் மாட்டினால், ஒட்டியே ஓடும் இரு ஒயர்களின் எதிரெதிர்ப் புலங்கள் ஒன்றையொன்று குறைத்துவிடும், ஒலியும் மங்கிப்போகும்.

இனி போர்டுக்கு வந்து புரோபைக் காட்டினால் கற்றை முழுவதும் பாடும். ஒரே பைப்பில் பக்கம் பக்கமாக வந்த ஒயர்களுக்கும் சிக்னல் தொற்றியிருப்பதே காரணம். ஒயர்களை விசிறிபோல் விரித்து, புரோபின் ஒலியளவைக் குறைத்து, ஒவ்வொரு முனையாகத் தேட வேண்டும். இரண்டு ஒயர்கள் ஏறத்தாழ ஒரே சத்தம் தந்தால் முடிவு சொல்லும் சோதனை ஒன்று உண்டு. ஒன்றின் செம்பு முனையை எர்த் லிங்கில் தொட்டுப் பிடித்தபடி கற்றை முழுவதையும் கேட்க வேண்டும். எல்லாமே அடங்கிவிட்டால் தேடிய ஒயர் அதுதான். தொட்டது மட்டும் அடங்கி மற்றவை தொடர்ந்து ஒலித்தால், அது சிக்னல் தொற்றிய பக்கத்து ஒயர். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு, சத்தம் அதிகம் என்பதை மட்டும் நம்பி இணைப்பது தவறு. உறுதியானதும் இரு முனைகளிலும் எண் ஒட்டிவிட வேண்டும்.

அருகில் வேறு மின்னிணைப்பு ஓடினால் புரோப் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் பிடிக்கும். அது ஒரே சீராக இருக்கும், ஜெனரேட்டர் ஒலியைப்போல் ஏறி இறங்காது. இரும்பு பைப்பும் கவச கேபிளும் புலத்தை உள்ளேயே மறைத்துவிடும்; அங்கே திறந்த முனைகளில் மட்டுமே கேட்கும். எந்த முனையிலும் ஒலி இல்லையென்றால் ஒயர் நடுவில் அறுந்திருக்கக்கூடும். பி.வி.சி. பைப் சுவரில் ஆழமாகப் புதையாதிருந்தால், ஏ.சி. பாயின்டிலிருந்து புரோபைச் சுவரோடு நகர்த்திவர, ஒலி நிற்கும் இடத்தை ஒட்டியே அறுந்த இடம் இருக்கும்.