முன்பக்கம் ஒன்று சொல்கிறது, பின்பக்கம் வேறொன்று சொல்கிறது

கடையில் ஒரு பொருளைக் கையிலெடுத்ததும் அதனைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் நம்மவர்களுக்கு நீண்ட காலமாகவே உண்டு. ஜெலட்டின் சேர்ந்திருக்கிறதா, ஈ 471 எதிலிருந்து பெறப்பட்டது, ஹலால் இலச்சினை இருக்கிறதா என்று தேடுவோம். ஆனால் அதே பைக்கட்டின் முன்பக்கத்தில் "சீனி சேர்க்கப்படாதது", "கொழுப்புக் குறைந்தது" என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதை மட்டும் எந்த விசாரணையுமின்றி நம்பி விடுகிறோம். ஜெலட்டினைத் தேடும் அதே பட்டியலில்தான் சீனியின் கதையும் எழுதப்பட்டிருக்கிறது என்பது பலருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

எனது வாப்பாவுக்குப் பதினைந்து வருடங்களாக நீரிழிவு. கடந்த நோன்புக் காலத்தில் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பேரீச்சம்பழ பிஸ்கட் பெட்டியொன்று வீட்டிலிருந்தது. "சீனி சேர்க்கப்படாதது" என்று பச்சை நிறத்தில் எழுதப்பட்டிருந்தது. இரண்டு நாட்களில் பெட்டி பாதியாகி விட்டது. "என்ன வாப்பா, இவ்வளவும் நீங்களா?" என்று கேட்டேன். "இது சீனி போடாத சாமான்தானே மகன்" என்றார். மறுநாள் குருதிச் சீனியைப் பரிசோதித்த பிறகுதான் நான் பெட்டியைத் திருப்பிப் படித்தேன்.

மூலப்பொருட்களின் பட்டியல் இவ்வாறு இருந்தது: கோதுமை மா, பேரீச்சம்பழக் களி 35 வீதம், தாவரக் கொழுப்பு, மோல்ட்டோடெக்ஸ்ட்ரின், பால்மா, உப்பு, புளிக்கச் செய்யும் பொருட்கள். சீனி என்ற சொல் எங்குமே இல்லை. அந்த அளவில் முன்பக்கம் பொய் சொல்லவில்லை. ஆனால் உலர்ந்த பேரீச்சம்பழத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் இயற்கைச் சீனிதான். எனவே 100 கிராம் பிஸ்கட்டில் 35 கிராம் பேரீச்சம்பழக் களி இருந்தால், அதிலிருந்து மட்டும் ஏறத்தாழ 23 கிராம் சீனி வந்து சேர்கிறது. நான்கரைத் தேக்கரண்டிக்கும் சற்று அதிகம்.

இங்கே சர்வதேச விதி என்ன சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். உணவுத் தராதரங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணைக்குழு "சீனி சேர்க்கப்படாதது" என்ற வாசகத்துக்கான நிபந்தனைகளை 2013 இல் ஏற்றுக்கொண்டது. சீனி, குளுக்கோஸ், தேன், பாணி போன்ற எதையும் சேர்க்கக் கூடாது என்பது முதல் நிபந்தனை. ஜேம், இனிப்பூட்டிய சொக்லட் போன்று ஏற்கனவே சீனி சேர்க்கப்பட்ட பொருளொன்றை மூலப்பொருளாகப் பாவிக்கவும் கூடாது. சீனிக்குப் பதிலாக உலர்பழக் களியையோ, நீர் சேர்த்து மீளமைக்கப்படாத செறிந்த பழச்சாற்றையோ இனிப்புக்காகச் சேர்ப்பதும் கூடாது. மாப்பொருளை நொதியங்களால் உடைத்துச் சீனியைக் கூட்டுவதும் அப்படியே. இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், வாப்பா சாப்பிட்ட பிஸ்கட் மூன்றாவது நிபந்தனையிலேயே தடுக்கி விழுகிறது. கோடெக்ஸ் என்பது வழிகாட்டி மட்டுமே. ஒவ்வொரு நாடும் அதனைத் தன் சட்டத்தில் எந்தளவுக்குச் சேர்த்துக் கொள்கிறது என்பது வேறுபடும். பல நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் பொருட்கள் ஒரே தட்டில் அடுக்கப்பட்டிருக்கும்போது, ஒரே வாசகம் எல்லாப் பைக்கட்டிலும் ஒரே பொருளைத் தருவதில்லை.

மோல்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயரும் பட்டியலில் இருந்ததல்லவா? இது சோளம், மரவள்ளி போன்றவற்றின் மாப்பொருளை உடைத்துச் செய்யப்படும் வெள்ளைத் தூள். இனிப்பு மிகக் குறைவு. லேபலில் "சீனி" என்று கணக்கிடப்படுவது குளுக்கோஸ், சுக்ரோஸ் போன்ற சிறிய மூலக்கூறுகளை மட்டுமே. மோல்ட்டோடெக்ஸ்ட்ரின் அவற்றை விடச் சற்று நீண்ட சங்கிலி என்பதால் அந்த வரியில் அது சேர்வதில்லை, "காபோவைதரேற்று" என்ற வரியில் மட்டுமே சேர்கிறது. உடலுக்குள் சென்றதும் அது மிக விரைவில் குளுக்கோஸாகி விடுகிறது. கோதுமை மாவும் சற்று மெதுவாக அதே இடத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. அந்தப் பெட்டியில் 100 கிராமுக்குக் காபோவைதரேற்று 68 கிராம் என்றிருந்தது. இரண்டு பிஸ்கட் 25 கிராம் எடை. ஆகவே இரண்டு பிஸ்கட்டில் 17 கிராம் காபோவைதரேற்று. வாப்பா ஒரு தடவையில் ஆறு சாப்பிட்டிருக்கிறார், அதாவது 51 கிராம். நீரிழிவுள்ளவர் "சீனி" என்ற வரியோடு நின்றுவிடாமல் அதற்கு மேலுள்ள காபோவைதரேற்று வரியைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

இனிக் கொழுப்புக்கு வருவோம். "கொழுப்புக் குறைந்தது" என்று சொல்வதற்குக் கோடெக்ஸ் வைத்திருக்கும் எல்லை திண்ம உணவுக்கு 100 கிராமில் 3 கிராம், திரவத்துக்கு 100 மில்லிலீற்றரில் ஒன்றரைக் கிராம். இந்த எல்லைக்குள் வரும் ஒரு பழச்சுவை யோகட்டை எடுத்துக் கொள்வோம். இவ்வகைப் பொருட்களில் காணப்படும் அளவுகளை வைத்து நான் கணக்குக்காக அமைத்துக் கொண்ட உதாரணம் இது. மூலப்பொருட்கள்: கொழுப்பு நீக்கிய பால், சீனி, கொழுப்பு நீக்கிய பால்மா, ஜெலட்டின், நுண்ணுயிர் வளர்ப்பு, சுவையூட்டி. 100 கிராமுக்குக் கொழுப்பு 1.2 கிராம், புரதம் 4.2 கிராம், காபோவைதரேற்று 16.2 கிராம், அதில் சீனி 15.5 கிராம்.

மூலப்பொருட்கள் எப்போதும் எடையின் இறங்கு வரிசையிலேயே எழுதப்பட வேண்டும். பாலுக்கு அடுத்தபடியாகச் சீனி நிற்கிறது என்பதிலேயே பாதி விடயம் விளங்கி விடும். மீதியைக் கணக்குச் சொல்லும். பாலில் இயற்கையாகவே லக்டோஸ் எனும் பால்ச்சீனி உண்டு. இது 100 கிராமுக்கு 5 கிராம் அளவு. 15.5 இலிருந்து அதைக் கழித்தால் 10.5 கிராம் வெளியிலிருந்து போட்ட சீனி. 80 கிராம் கோப்பையொன்றுக்கு அது 8.4 கிராம், ஒன்றரைத் தேக்கரண்டிக்கு மேல். மறுபக்கம், முழுப் பாலில் செய்த யோகட்டில் கொழுப்பு 3 கிராமைச் சுற்றியே இருக்கும். ஆக அகற்றப்பட்டது 100 கிராமில் 2 கிராமுக்கும் குறைவு, அதாவது சுமார் 16 கலோரி. சேர்க்கப்பட்ட சீனி 42 கலோரி. சாதாரணப் பழச்சுவை யோகட்டிலும் சீனி உண்டு என்பது உண்மைதான். எனவே நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் இரண்டு கோப்பைகளின் பின்பக்கத்தையும் அருகருகே வைத்தே பார்க்க வேண்டும். பல சமயம் வித்தியாசம் விலையில் மட்டுமே தெரியும். எதுவும் சேர்க்காத வெறும் யோகட்டோ தயிரோ கிடைத்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. பாணியை எவ்வளவு ஊற்றுகிறோம் என்பது நம் கையில் இருக்கும்.

"குறைக்கப்பட்ட கொழுப்பு" என்பது வேறு வாசகம். "கொழுப்புக் குறைந்தது" என்பதோடு இதனைக் குழப்பிக் கொள்ளக் கூடாது. ஒப்பிடப்படும் பொருளை விட 25 வீதம் குறைந்தாலே அப்படி எழுதலாம். 34 கிராம் கொழுப்புள்ள உருளைக்கிழங்குப் பொரியல் 25.5 ஆகக் குறைந்தாலும் அதில் கால்பங்கு எடை எண்ணெய்தான். தேங்காயெண்ணெய்ப் போத்தலில் "கொலஸ்ட்ரோல் அற்றது" என்று போடுவதும் இந்த ரகம்தான். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரோல் இருப்பதில்லை.

இலங்கையில் மென்பானங்களுக்கு 2016 ஆகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து நிறக் குறியீடு நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, இடைப்பட்டவை மஞ்சள் என வகுக்கப்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் மஞ்சளின் அகலத்தைக் கவனியுங்கள். இரண்டரைக் கிராமும் மஞ்சள், பத்தரைக் கிராமும் மஞ்சள். பத்தரைக் கிராம் உள்ள 200 மில்லிலீற்றர் பெட்டியைக் குடிக்கும் பிள்ளைக்கு 21 கிராம் சீனி சேர்கிறது. தேன், பாணி, பழச்சாறு ஆகியவற்றிலுள்ள சீனியையும் சேர்த்தே கட்டுப்படுத்துமாறு உலக சுகாதார நிறுவனம் 2015 இல் பரிந்துரைத்தது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்ணும் வளர்ந்தவருக்கு அது கூறும் உச்ச அளவு 50 கிராம், முடிந்தால் 25 கிராம். நிறத்தின் உள்ளே எழுதப்பட்டுள்ள எண்ணையும் வாசித்தால்தான் மஞ்சளுக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியும்.

இது வர்த்தகப் பத்தி என்பதால், விற்பவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து பேரீச்சம்பழ உருண்டை, சத்துமா, கஞ்சி மா போன்றவற்றைச் செய்து பைக்கட் பண்ணி விற்கும் சகோதரிகள் இன்று ஏராளம். பெரும்பாலானோர் வேறொருவரின் லேபலைப் பார்த்து அதே வாசகங்களை அச்சகத்தில் கொடுக்கின்றனர். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி, நுகர்வோரைப் பிழையாக வழிநடத்தும் விதத்தில் லேபலிடுவது குற்றம். செய்தவர் அறியாமல் செய்தார் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கையிலுள்ள பைக்கட் சொல்லாது.

அவ்வாறான ஒரு சகோதரி தனது உருண்டைக்கான லேபல் மாதிரியை அண்மையில் எனக்குக் காட்டினார். பேரீச்சம்பழம், நிலக்கடலை, எள், சிறிது தேன். முன்பக்கத்தில் "சீனி சேர்க்கப்படாதது, நீரிழிவுள்ளவர்களுக்கு உகந்தது" என்றிருந்தது. தேன் சேர்ந்த உடனேயே முதல் வாசகம் செல்லாது. இரண்டாவதைச் சொல்லும் தகுதி நம் யாருக்கும் இல்லை. "இதை எடுத்துப் போட்டா யார் வாங்குவாங்க நானா?" என்று கேட்டார். பேரீச்சம்பழமும் தேனும் கொண்டு இனிப்பூட்டப்பட்டது என்று எழுதி, ஓர் உருண்டையின் எடையையும் அதிலுள்ள சீனியின் அளவையும் கீழே போடும்படி சொன்னேன். கணக்கை அவரே செய்தார்: 20 கிராம் உருண்டையில் 12 கிராம் பேரீச்சம்பழம், ஒரு கிராம் தேன், ஆகவே சீனி ஏறத்தாழ 9 கிராம். எழுதி முடித்ததும் சிறிது நேரம் அந்த எண்ணையே பார்த்துக் கொண்டிருந்தவர், உருண்டையை 12 கிராமாகச் சிறிதாக்கினால் என்ன என்று கேட்டார். புதிய லேபல் அந்த எடையிலேயே அச்சுக்குப் போயிருக்கிறது.