சுழலும் வாளியில் நீர் ஏன் குழிகிறது?

1687இல் வெளியான ‘பிரின்சிபியா’ நூலின் தொடக்கப் பக்கங்களிலேயே நியூட்டன் ஒரு வாளிச் சோதனையை விவரிக்கிறார். நீளமான கயிற்றில் வாளியைத் தொங்கவிட்டு, கயிறு விறைக்கும் வரை முறுக்க வேண்டும். பிறகு நீரை ஊற்றி, அது அசைவின்றி நின்றதும் வாளியை விட்டுவிட வேண்டும். முறுக்கு அவிழத் தொடங்கியதும் வாளி வேகமாகச் சுழலும். ஆனால் முதல் சில நொடிகளில் நீர்ப்பரப்பு தட்டையாகத்தான் இருக்கும். மெல்ல மெல்ல வாளியின் சுழற்சி நீருக்கும் தொற்றும். அப்போது நடுப்பகுதி தாழ்ந்து, ஓரம் சுவரில் ஏறும். நீரும் வாளியும் ஒரே வேகத்தில் சுழலும் கட்டத்தில் குழிவு முழுமையடையும். அந்த நேரத்தில் வாளியைப் பிடித்து நிறுத்தினாலும் குழிவு உடனே மறையாது. நீர் சுழன்றுகொண்டிருக்கும் வரை அதுவும் இருக்கும்.

இந்தச் சோதனையைத் தானே செய்து பார்த்ததாக நியூட்டன் எழுதியிருக்கிறார். சுழற்சி என்பது எதைப் பொறுத்தது என்ற பெரிய கேள்விக்கு அவர் இதைப் பயன்படுத்தினார். இங்கே நாம் பார்க்கப்போவது அதைவிட எளிய ஒன்று: அந்தக் குழிவு சரியாக என்ன வடிவம்? கூம்பா, அரைக்கோளமா, வேறேதாவதா? பார்வையால் அதைத் தீர்மானிக்க முடியாது. கணக்குப் போட்டால் முடியும். அதற்குப் பரப்பின் வடிவத்தை முன்கூட்டியே ஊகிக்கத் தேவையில்லை. ஒவ்வோர் இடத்திலும் பரப்பு எவ்வளவு சரிந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

நீர்ப்பரப்பில் ஒரே ஒரு துளியை எடுத்துக்கொள்வோம். வாளியின் நடு அச்சிலிருந்து அது x தூரத்தில் இருக்கிறது. அதன் மீது இரண்டு விசைகள்தான் செயல்படுகின்றன. ஒன்று, அதன் எடை. அது நேர் கீழே இழுக்கிறது. மற்றொன்று, சுற்றியிருக்கும் நீர் அதன் மீது கொடுக்கும் உந்தல். இந்த உந்தலின் திசையில்தான் முழுக் கணக்கும் அடங்கியிருக்கிறது. நீர்ப்பரப்பின் எல்லா இடத்தையும் ஒரே காற்றழுத்தம்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே பரப்பின் வழியே நகரும்போது அழுத்த வேறுபாடு எதுவும் இல்லை. அழுத்த வேறுபாடு இல்லாத திசையில் உந்தலும் இருக்காது. எனவே உந்தல் பரப்புக்குச் சரியான செங்குத்தாகத்தான் இருக்க முடியும்.

பரப்பு தட்டையாக இருந்தால் அந்த உந்தல் நேர் மேலே போகும். எடையைத் தாங்குவதோடு அதன் வேலை முடிந்தது. ஆனால் நமது துளி வட்டமாகச் சுற்றுகிறது. வட்டத்தில் சுற்றும் எதையும் மையத்தை நோக்கி ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டோ தள்ளிக்கொண்டோ இருக்க வேண்டும். இல்லையென்றால் அது நேர்கோட்டில் வெளியே போய்விடும். துளிக்கு அந்த மையநோக்கு விசையைத் தரக்கூடியது நீரின் உந்தல் மட்டுமே. உந்தல் உள்பக்கம் சாய வேண்டுமானால், அதற்குச் செங்குத்தான பரப்பும் சாய்ந்தே ஆக வேண்டும். பரப்பு குழிவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இனி அளவு. துளியின் நிறை m, வாளியின் கோண வேகம் ω என்றால், தேவையான மையநோக்கு விசை mω²x. தாங்க வேண்டிய எடை mg. உந்தலின் கிடைப்பங்கு முதலாவதையும் நிலைப்பங்கு இரண்டாவதையும் ஈடுசெய்ய வேண்டும். பரப்பின் சரிவு இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம்:

சரிவு = ω²x / g

நிறை இருபுறமும் அடிபட்டுப் போனதைக் கவனிக்க வேண்டும். நீருக்குப் பதில் எண்ணெயோ பாதரசமோ இருந்தாலும் சரிவு மாறாது. பாதரசம் நீரைப்போல பதின்மூன்றரை மடங்கு கனமானது. ஆனால் அதை மையத்தை நோக்கித் தள்ளவும் அதே பதின்மூன்றரை மடங்கு விசை வேண்டும்.

சமன்பாடு சொல்வது இது: மையத்தில் சரிவு இல்லை, தூரம் இரட்டித்தால் சரிவும் இரட்டிக்கும். கூம்பு என்ற ஊகம் இங்கேயே விழுந்துவிடுகிறது, ஏனென்றால் கூம்பின் சரிவு எல்லா இடத்திலும் ஒன்றே. வடிவத்தை முழுசாகப் பெற, சரிவுகளைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

15 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒரு வாளி நொடிக்கு ஒரு சுற்று வீதம் சுழல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று என்பது 2π ரேடியன். ஆகவே ω சுமார் 6.28, ω² சுமார் 39.5. மையத்திலிருந்து விளிம்பு வரை ஆரத்தை மூன்று மூன்று சென்டிமீட்டராக ஐந்து துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் நடுவிலும் உள்ள சரிவைக் கணக்கிடலாம். முதல் துண்டின் நடு 1.5 சென்டிமீட்டரில் இருக்கிறது. அங்கே சரிவு 0.06. அதாவது 3 சென்டிமீட்டர் நகரும்போது பரப்பு 1.8 மில்லிமீட்டர் ஏறும். அடுத்த துண்டில் 5.4, அதற்கடுத்து 9.1, பிறகு 12.7, கடைசியில் 16.3 மில்லிமீட்டர். கூட்டினால், மையத்தைவிட விளிம்பு 45.3 மில்லிமீட்டர், ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டர், உயரத்தில் நிற்கிறது.

இந்த ஐந்து ஏற்றங்களையும் இன்னொரு முறை பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். அவை 1, 3, 5, 7, 9 என்ற விகிதத்தில் வளர்கின்றன. ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் 1, 4, 9, 16, 25 என்று வர்க்க எண்கள் கிடைக்கும். ஆகவே உயரம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. நுண்கணிதம் தெரிந்தவர்கள் இதே கூட்டலைத் தொகையீடு என்பார்கள். விடை ஒரே வரியில் வந்துவிடும்:

y = ω²x² / 2g

இது பரவளையம். பள்ளிக் கணக்கில் வரும் அதே வளைவு, அச்சைச் சுற்றிச் சுழன்று ஒரு கிண்ணமாகிறது. அந்தக் கிண்ணத்தின் கொள்ளளவு, அதைச் சரியாக உள்ளடக்கும் உருளையில் சரிபாதி என்று ஆர்க்கிமிடீஸ் ஏற்கெனவே நிறுவியிருந்தார். நீரின் அளவு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்பதால், நடுவில் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவே ஓரத்தில் ஏறும். நமது வாளியில் பழைய மட்டத்திலிருந்து நடுப்பகுதி சுமார் 2.3 சென்டிமீட்டர் இறங்க, விளிம்பு அதே 2.3 சென்டிமீட்டர் ஏறியிருக்கும். வாளியில் அதற்கு மேல் விளிம்பு மிச்சமில்லை என்றால் நீர் வழிந்துவிடும்.

இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறது: நீர் முழுவதும் ஒரே கோண வேகத்தில், கட்டியான பொருள்போலச் சுழல வேண்டும். வாளியைச் சுழற்றத் தொடங்கியதும் அப்படி நடந்துவிடுவதில்லை. சுவரும் அடிப்பகுதியும் நீரை இழுத்துக்கொண்டு போக, சாதாரண வாளியில் ஓரிரு நிமிடமாவது ஆகும். நீர் வாளியை எட்டிவிட்டதா என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. பரப்பில் கொஞ்சம் மிளகுத்தூளைத் தூவி, வாளியின் உட்சுவரில் ஒரு கோடு போட்டுவைத்தால் போதும். தூள்கள் கோட்டுக்கு நேராகவே நின்றபடி சுற்றினால் கணக்கு பொருந்தும். பின்தங்கினால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

அளவுகோலாலும் சோதிக்கலாம். பரவளையமாக இருந்தால், பாதி ஆரத்தில் உள்ள ஏற்றம் விளிம்பு ஏற்றத்தில் சரியாகக் கால் பங்கு, நமது வாளியில் 11.3 மில்லிமீட்டர், இருக்க வேண்டும். கால் பங்குக்குக் குறைந்தால் நடுப்பகுதி நீர் இன்னும் மந்தமாகச் சுற்றுகிறது என்று பொருள். கூடினால் நடுவில் உள்ள நீர் ஓரத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது.

அப்படி இரண்டாவது வகையில் நடப்பதுதான் கரண்டியால் கலக்கிய காபியில். டம்ளரின் சுவர் அசையாமல் நிற்கிறது. அதை ஒட்டிய காபியும் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அதனால் அங்கே பரப்பு மறுபடி தட்டையாகிறது. சரிவுச் சமன்பாடு இங்கும் செல்லும், ஆனால் அதைச் சுழற்சி வேகத்தால் அல்லாமல் துளி உண்மையில் செல்லும் வேகத்தால் எழுத வேண்டும்: சரிவு = v² / gx. வாளியில் வேகம் தூரத்தோடு கூடுவதால் பரவளையம் வந்தது. தொட்டியின் வடிகுழாய்க்கு மேல் உருவாகும் சுழலில் நேர்மாறு. மையத்தை நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது. அங்கே தூரம் இரட்டித்தால் வேகம் பாதியாகிறது, சரிவு எட்டில் ஒன்றாகிவிடுகிறது. ஆகவே நடுவில் செங்குத்தாக இறங்கி, சற்றுத் தள்ளினாலே தட்டையாகிவிடும் புனல் வடிவம் கிடைக்கிறது. ஒரே விதி, வேகத்தின் பரவலைப் பொறுத்து இரு வேறு பள்ளங்கள்.

பரவளையக் கிண்ணத்துக்கு வேறு எந்த வளைவுக்கும் இல்லாத ஒரு குணம் உண்டு: அச்சுக்கு இணையாக வரும் ஒளிக்கதிர்கள் அனைத்தையும் ஒரே புள்ளியில் குவிக்கும். தொலைநோக்கியின் கண்ணாடிக்கு வேண்டியது இதுவே. சுழலும் பாதரசம் தானாகவே அந்த வடிவத்தை எடுக்கும் என்றால், கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்ற வேண்டாமே! அமெரிக்க இயற்பியலர் ராபர்ட் வுட் 1909இல் இப்படி ஒரு பாதரசத் தொலைநோக்கியைப் பற்றி எழுதினார். பாத்திரத்தின் குறுக்களவு 20 அங்குலம். அதிர்வால் எழும் சிற்றலைகளும், வேகத்தில் நேரும் சிறு ஏற்ற இறக்கமும் அவருக்குப் பெரும் தலைவலியாக இருந்தன. வேகம் மாறினால் குவியம் இடம் மாறும் என்பதைச் சமன்பாடே சொல்லிவிடுகிறது; குவியத் தூரம் = g / 2ω².

இன்று இந்தியாவிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. உத்தராகண்டில் நைனிடால் அருகே தேவஸ்தலில், சுமார் 2450 மீட்டர் உயரத்தில், ஏரீஸ் ஆய்வகத்தின் வளாகத்தில் நிற்கும் சர்வதேச திரவக் கண்ணாடித் தொலைநோக்கி 2022இல் முதன்முதலாக வானத்தைப் பார்த்தது. இதன் கண்ணாடி 4 மீட்டர் அகலம். குவியத் தூரம் 8 மீட்டர். மேலே உள்ள சூத்திரத்தில் 8ஐப் போட்டால் ω சுமார் 0.78 வரும், ஒரு சுற்றுக்கு 8 நொடி. உண்மையிலேயே அந்தக் கிண்ணம் அந்த நிதானத்தில்தான் சுழல்கிறது. விளிம்பு மையத்தைவிட 12.5 சென்டிமீட்டர் உயரம். அவ்வளவு ஆழத்துக்குப் பாதரசம் ஊற்ற வேண்டுமென்றால் கட்டுப்படியாகாது. ஆகவே கிண்ணத்தையே முன்கூட்டிப் பரவளையமாகச் செய்துவிட்டு, அதன் மேல் சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பாதரசப் படலத்தை மட்டும் ஓடவிடுகிறார்கள். அதற்கே சுமார் 50 லிட்டர், ஏறத்தாழ 700 கிலோ தேவைப்படுகிறது. கிண்ணம் காற்றுத் தாங்கியின் மேல் உராய்வின்றி மிதந்து சுழல்கிறது. மேலே மெல்லிய மைலார் தாள் மூடியிருப்பதால் காற்று பாதரசத்தைக் கலைப்பதில்லை.

இந்தத் தொலைநோக்கியை எந்தப் பக்கமும் திருப்ப முடியாது. சரிவுச் சமன்பாட்டின் கீழ்ப்பகுதியில் நிற்கும் g எப்போதும் நேர் கீழ்நோக்கியே இழுக்கும். கிண்ணத்தின் அச்சைச் சாய்த்தால் ஒரு பக்கப் பாதரசம் வழிந்து வடிவம் கெட்டுவிடும். அதனால் அது நேர் மேலே மட்டுமே பார்க்கிறது. பூமி சுழல, தலைக்கு மேலே கடந்துபோகும் ஒரு குறுகிய வானப் பட்டைதான் அதற்குக் கிடைக்கும். அகலம் சுமார் 22 வில்நிமிடம், முழுநிலவின் அகலத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. விண்மீன்கள் நகரும் அதே வேகத்தில் கேமராவின் மின்னேற்றங்களையும் நகர்த்திக்கொண்டே போவதால், நகரும் விண்மீன் கோடாக இழுபடாமல் புள்ளியாகவே பதிவாகிறது. இரவுக்கு இரவு அதே பட்டையைப் படமெடுத்து, முந்தைய இரவின் படத்தோடு ஒப்பிட்டு, புதிதாகத் தோன்றிய ஒளிப்புள்ளிகளைத் தேடுகிறார்கள்.