சார்ஜ் இல்லை என்றால் செலவும் இல்லையா?

மாதத் தொடக்கத்தில் துபாயின் தேரா பகுதி எக்ஸ்சேஞ்ச் கடைகளில் கூட்டம் நெருக்கும். சம்பளம் வாங்கிய கையோடு ஊருக்குப் பணம் அனுப்ப வருபவர்கள் முதலில் கேட்பது, "சார்ஜ் எவ்வளவு?" என்பதைத்தான். அதற்குப் பதில் கிடைத்துவிடும். ஆனால் செலவின் இன்னொரு பங்கு, பல நேரங்களில் பெரிய பங்கு, ரேட்டுக்குள் இருக்கிறது. அது ரசீதில் தனி வரியாக வராது.

வங்கிகள் தங்களுக்குள் நாணயம் மாற்றிக்கொள்ளும் விலைதான் சந்தை ரேட். கடை நமக்குத் தருவது அதைவிடச் சில பைசா குறைவு. அந்த வித்தியாசம் கடைக்கு வருமானம், நமக்குச் செலவு.

கணக்கிட்டுப் பார்ப்போம். சந்தை ரேட் ஒரு திர்ஹாமுக்கு 23 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் 1,500 திர்ஹாம். சந்தை ரேட்டில் அதன் மதிப்பு 34,500 ரூபாய். முதல் கடையில் சார்ஜ் 15 திர்ஹாம், அதன்மேல் 5 சதவீத வாட் வரி, ரேட் 22.70. சார்ஜும் வரியும் போக மீதியை அனுப்பினால் வீட்டுக்குப் போவது சுமார் 33,692 ரூபாய். இரண்டாவது கடையில் 'சார்ஜ் கிடையாது' என்ற பலகை, ரேட் 22.30. அங்கிருந்து போவது 33,450 ரூபாய். இலவசம் என்ற கடையில்தான் 242 ரூபாய் குறைவாகப் போகிறது.

அதற்காகச் சார்ஜ் வாங்கும் கடையே எப்போதும் மேல் என்று முடிவுகட்ட வேண்டாம். அவசரத்துக்கு 300 திர்ஹாம் மட்டும் அனுப்பினால் கணக்கு தலைகீழாகும். முதல் கடை வழியாக 6,452 ரூபாய்தான் சேரும். இரண்டாவது வழியாக 6,690. சார்ஜ் தொகைக்குத் தொகை மாறாததால் சிறு தொகையை அதிகம் கடிக்கும். ரேட் வித்தியாசமோ தொகையோடு சேர்ந்து வளரும். முடிந்தால் சிறு தொகைகளைச் சேர்த்து ஒரே தடவையாக அனுப்பலாம்.

வங்கி வழியாக அனுப்புபவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும்: பணம் ரூபாயாகப் போகிறதா, டாலராகப் போகிறதா? டாலராகப் போனால் இடையில் உள்ள வங்கி தன் கட்டணத்தைப் பிடிக்கலாம். ஊர் வங்கி தன்னுடைய ரேட்டில்தான் ரூபாயாக மாற்றும். அனுப்பியவர் ரசீதில் இவை இரண்டும் தெரியாது.

வரிசையில் நிற்கும்போதே போனில் கூகுளில் 1 AED to INR என்று தட்டிச் சந்தை ரேட்டைப் பாருங்கள். ரேட் நாளுக்குள்ளேயே மாறும் என்பதால், ஒப்பிடும் கடைகளை ஒரே நேரத்தில் விசாரியுங்கள். கவுன்டரில் கேட்க வேண்டிய கேள்வி இது: "எல்லாம் சேர்த்து நான் 1,500 திர்ஹாம் தந்தால், வீட்டு அக்கவுன்டில் எத்தனை ரூபாய் விழும்?" அதிக ரூபாய் சொல்லும் கடையில் அனுப்புங்கள்.